ஏஐ எழுதிய கட்டுரையும் மாணவர் எழுத வேண்டிய கடிதமும்

கல்லூரிகளில் மன்னிப்புக் கடிதம் பழகிப்போன ஓர் ஆவணம். வகுப்புக்குத் தாமதமாக வந்தாலும், செல்போன் ஒலித்தாலும், சொல்லாமல் விடுப்பு எடுத்தாலும் துறைத்தலைவர் கேட்பது அதைத்தான். அனுப்புநர், பெறுநர், பொருள் என்று தொடங்கும் அந்தக் கடிதம், 'இனி இதுபோல் நடக்காது என உறுதி கூறுகிறேன்' என்று முடியும். சில சமயம் கீழே பெற்றோர் கையெழுத்தும் இருக்கும். ஒருவர் எழுதியதைப் பார்த்து நான்கு பேர் எழுதுவதும் உண்டு. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் பாட விதியை மீறி, சாட்ஜிபிடி போன்ற கருவி எழுதித் தந்ததைத் தன் கட்டுரையாகக் கொடுத்துவிட்ட மாணவருக்கு இந்த அச்சு உதவாது. அவர் செய்த தவறே தன்னுடையதல்லாத வாசகத்தின் கீழ் தன் பெயரைப் போட்டதுதான். மன்னிப்பையும் அப்படியே எழுதிக் கொடுத்தால் அதே தவறு இரண்டாவது முறையாக நடக்கிறது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2025இல் இது நடந்தே விட்டது. தரவு அறிவியல் அறிமுகப் பாடம் ஒன்றில், வகுப்புக்கு வராமலே வருகைப் பதிவு செய்துகொண்டதாகச் சுமார் 100 மாணவர்களுக்கு ஆசிரியர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள். மன்னிப்புக் கேட்டுப் பதில்கள் வந்தன. முதலில் வந்தவை ஆசிரியர்களின் மனதைத் தொட்டன. அடுத்தடுத்த கடிதங்களிலும் 'உளமார மன்னிப்புக் கோருகிறேன்' என்ற அதே தொடர் திரும்பத் திரும்ப வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. அந்தக் கடிதங்களைத் திரையில் காட்டி வகுப்பிலேயே வாசித்தார்கள். தண்டனை ஏதும் தரவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் கடிதங்களுக்கு மதிப்பும் இல்லாமல் போயிற்று.

இப்படிப்பட்ட கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்பது எளிது. வரலாற்றுத் துறையில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருவர். செங்கல்பட்டு வட்டாரத்து ஏரிகளையும் குடிமராமத்தையும் பற்றி ஆங்கிலத்தில் 2,400 சொற்களில் அசைன்மென்ட் தர வேண்டும். பாடத் தொடக்கத்தில் பேராசிரியர் கொடுத்த தாளில் விதி தெளிவாக இருக்கிறது: தலைப்பு யோசிக்கவும் மொழிப்பிழை திருத்தவும் ஏஐ கருவியைப் பயன்படுத்தலாம், வாசகம் மாணவருடையதாக இருக்க வேண்டும், பயன்படுத்தியிருந்தால் கடைசிப் பக்கத்தில் குறிப்பிட வேண்டும். மாணவி பாதிக்கு மேல் கருவியைக் கொண்டு எழுதினார், கடைசிப் பக்கத்தில் ஒன்றும் குறிப்பிடவில்லை. பேராசிரியர் அடிக்குறிப்பில் இருந்த ஒரு நூலைத் தேடினார். ஆசிரியர் பெயர் நிஜம், அவர் அப்படி ஒரு நூல் எழுதவில்லை. கூப்பிட்டுக் கேட்டதும் மாணவி ஒப்புக்கொண்டார். எழுத்தில் தரும்படி சொல்லி, ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார் பேராசிரியர்.

அந்த ஒரு வாரத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை எண்ணுவது. கட்டுரையை அச்செடுத்து, பத்தி பத்தியாக எது எங்கிருந்து வந்தது என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். கருவியுடன் நடந்த உரையாடல்கள் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே சேமிப்பில் இருக்கும். அவற்றைத் தேதியோடு எடுத்து அருகில் வைத்துக்கொண்டால் ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை. நம் மாணவியின் கணக்கு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 14 பத்திகளில் 5 அவர் எழுதியவை, 6 கருவி தந்து அவர் சில சொற்களை மட்டும் மாற்றியவை, 3 கலப்பு. அடிக்குறிப்புகள் 11. அவற்றில் 7 நூல்களை அவர் நூலகத்தில் பார்த்திருக்கிறார். 2 உண்மையான நூல்கள், ஆனால் அவர் திறந்ததில்லை. மீதி 2 நூல்கள் உலகில் இல்லை. கருவி இப்படி இல்லாத நூல்களைச் சொல்வது வழக்கமான கோளாறுதான். எந்தப் பெயருக்குப் பின் எந்தத் தலைப்பு வந்தால் பொருத்தமாக ஒலிக்கும் என்று அது சொற்களைக் கோக்கிறது. நூலகப் பட்டியலைப் பார்த்துவிட்டு எழுதுவதில்லை. ஆனால் அதைச் சரிபார்க்காமல் கொடுத்தது மாணவியின் தனித் தவறு. அசைன்மென்டைப் பிறர் எழுதியதைவிட, பார்க்காத நூலைப் பார்த்ததாகச் சொன்னது வரலாற்றுத் துறையில் பெரிய குற்றம். ஆகவே கணக்கில் அது தனியாகவே நிற்க வேண்டும்.

கண்டுபிடிப்பான் மென்பொருள் சொல்லும் சதவீதத்தைக் கடிதத்தில் எழுதுவது தேவையற்றது. அந்த எண்கள் ஊகங்கள். சாட்ஜிபிடியை வெளியிட்ட ஓபன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் ஒரு கண்டுபிடிப்பானைக் கொண்டுவந்தது. இயந்திரம் எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியவற்றில் 9 சதவீதத்தை இயந்திரத்தின் எழுத்து என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். மாணவியிடம் இருப்பது ஊகமல்ல, அவருக்கே தெரிந்த உண்மை. அதைத்தான் அவர் எழுத வேண்டும். இதன் மறுபக்கத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம்: செய்யாத மாணவர் மேல் கண்டுபிடிப்பான் பழி போட்டால், பயந்துபோய் மன்னிப்புக் கடிதம் எழுதக் கூடாது. அவர் தர வேண்டியது வரைவுகளும் குறிப்புகளும் இணைத்த விளக்கக் கடிதம். அது வேறு வகை.

எந்த விதியை மீறினோம் என்பதிலும் குழப்பம் வருவதுண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த கருத்துத்திருட்டு ஒழுங்குமுறையைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். 10 சதவீதம் வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை, 10 முதல் 40 வரை என்றால் திருத்தித் தர வேண்டும், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்று அதில் படிநிலைகள் உண்டு. அவை ஆய்வேடுகளுக்கானவை, ஏற்கெனவே வெளியான எழுத்தோடு உள்ள ஒற்றுமையை அளப்பவை. சாட்ஜிபிடி வெளிவந்தது 2022 நவம்பரில். கருவி அப்போதைக்கப்போது கோத்துத் தரும் வாசகத்தைப் பற்றி அந்த ஒழுங்குமுறை பேசவில்லை. ஆகவே 'ஒற்றுமை 8 சதவீதம்தான்' என்று மாணவி எழுதினால் அது பதிலே ஆகாது. அவர் மீறியது பேராசிரியர் கொடுத்த தாளில் உள்ள இரண்டு வாக்கியங்களை. கடிதம் அவற்றையே பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.

இனிக் கடிதம். மன்னிப்புக் கேட்பதில் எது எடுபடுகிறது என்று ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராய் லெவிக்கியும் அவருடைய குழுவினரும் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வருத்தம் தெரிவிப்பது, நடந்ததை விளக்குவது, பொறுப்பை ஏற்பது, மனம் மாறியதைச் சொல்வது, சரிசெய்ய முன்வருவது, மன்னிக்கக் கோருவது என்று ஆறு கூறுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பொறுப்பை ஏற்பதே முதலிடம் பெற்றது. சரிசெய்ய முன்வருவது அடுத்தது. 'என்னை மன்னியுங்கள்' என்று கேட்பது கடைசியில் வந்தது. நம் கல்லூரிக் கடிதங்களில் பாதி இடத்தைப் பிடிப்பது அந்தக் கடைசிக் கூறுதான்.

மாணவி முதலில் எழுதிய கடிதம் வழக்கமான அச்சில் இருந்தது என்று கொள்வோம். 'தவிர்க்க இயலாத சூழ்நிலை காரணமாக ஏஐ கருவியின் உதவி ஓரளவு பெறப்பட்டுவிட்டது. விதி குறித்த புரிதல் இன்மையால் நேர்ந்த இத்தவறுக்கு மனம் வருந்துகிறேன். என் எதிர்காலத்தைக் கருத்தில்கொண்டு மன்னித்தருளுமாறு வேண்டுகிறேன்.' இதில் 'பெறப்பட்டுவிட்டது' என்ற வினை யார் செய்தார் என்பதை விழுங்கிவிடுகிறது. 'ஓரளவு' என்பது 14இல் 9 பத்திகளை மறைக்கிறது. புரிதல் இன்மை என்பது பொய், ஏனென்றால் விதித்தாளில் அவருடைய கையெழுத்தே இருக்கிறது. இல்லாத நூல்களைப் பற்றிப் பேச்சே இல்லை. எதிர்காலத்தைக் காட்டுவது தீர்ப்பளிக்கும் பாரத்தைப் பேராசிரியர் தலையில் ஏற்றுகிறது.

திருத்தி எழுதிய கடிதம் அழகாக இல்லை, இருக்க வேண்டியதுமில்லை. அதன் நடுப்பகுதி இப்படிப் போகிறது:

'மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, குடிமராமத்து பற்றி நான் கொடுத்த கட்டுரையில் 2, 4, 5, 8, 9, 12 ஆகிய ஆறு பத்திகள் சாட்ஜிபிடி எழுதியவை. நான் அங்கங்கே சொற்களை மட்டும் மாற்றினேன். 3, 7, 13 ஆகிய பத்திகளில் கருத்து என்னுடையது, வாக்கியங்கள் பெரும்பாலும் அதனுடையவை. மற்ற ஐந்தும் நான் எழுதியவை. 6, 10 ஆகிய அடிக்குறிப்புகளில் உள்ள நூல்கள் இல்லை என்று இப்போது தெரிகிறது. அவற்றை நான் தேடிப் பார்க்கவில்லை. 3, 11 ஆகிய அடிக்குறிப்புகளில் உள்ள நூல்களை நான் படிக்காமலே குறிப்பிட்டேன். வாசகம் மாணவருடையதாக இருக்க வேண்டும், பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டும் என்ற இரண்டு விதிகளும் எனக்குத் தெரியும். கடைசிப் பக்கத்தில் எழுதினால் மார்க் குறையும் என்று நினைத்துத்தான் எழுதாமல் விட்டேன். நீங்கள் இல்லாத நூலைத் தேடி நேரம் செலவழிக்க நேர்ந்தது என்னால்தான். முதலில் தலைப்புப் பிரிக்க மட்டும் கேட்டேன். பிறகு என் ஆங்கிலம் மோசமாக இருப்பதாகத் தோன்றி ஒரு பத்தியைத் திருத்தக் கேட்டேன். அது வந்த விதத்தைப் பார்த்தபின் அடுத்த பத்தியை நான் எழுதவே இல்லை.'

கடைசி மூன்று வாக்கியங்கள் சாக்குப்போக்கு போலத் தோன்றலாம். அவை அப்படி ஆகாமல் இருப்பது அவை நிற்கும் இடத்தால். பொறுப்பை முழுதாக ஏற்ற பிறகு வரும் காரணம் விளக்கம் ஆகிறது. அதற்கு முன்னால் வந்தால் தப்பிக்கும் வழி ஆகிறது. மேலும், திருத்தத் திட்டம் இந்தக் காரணத்தின் மேல்தான் நிற்கப்போகிறது. காரணம் இல்லாத கடிதத்துக்குப் பொருத்தமான திட்டம் அமையாது.

பாதி உண்மை சொல்லிப் பார்க்கலாம் என்ற ஆசை இந்தக் கட்டத்தில் வரும். ஆறு பத்தி என்பதை மூன்று என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? நியூயார்க்கில் 2023இல் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கற்பித்த தீர்ப்புகளை மேற்கோளாகக் காட்டினார்கள். எதிர்த்தரப்பு அப்படி வழக்குகளே இல்லை என்று சொன்னபிறகும், நீதிமன்றம் பிரதி கேட்டபிறகும் அவற்றை உண்மை என்றே தாங்கிப் பிடித்தார்கள். 5,000 டாலர் அபராதம் விதித்த நீதிபதி, கேள்வி எழுந்த உடனே உண்மையைச் சொல்லியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று தீர்ப்பில் குறிப்பிட்டார். மாணவரின் கடிதத்துக்கும் இதுவே கணக்கு. கடிதம் கோப்பில் இருக்கும். பிறகு நான்காவது பத்தி வெளிவந்தால் முதல் தவறு ஒரு அசைன்மென்ட் சம்பந்தப்பட்டதாக நின்றுவிடும். இரண்டாவது தவறு துறைக்கு எழுதிக் கொடுத்த பொய்யாக மாறிவிடும்.

திருத்தத் திட்டம் கடிதத்தோடு இணைத்துத் தர வேண்டிய தனித் தாள். இதில் அடிக்கடி நேரும் பிழை பெரிய சபதம். 'இனி வாழ்நாளில் ஏஐ கருவியைத் தொடமாட்டேன்' என்பதை யாராலும் சரிபார்க்க முடியாது, பெரும்பாலும் காப்பாற்றவும் முடியாது. போனிலும் தேடுபொறியிலும் அது ஏற்கெனவே கலந்துவிட்டது. பேராசிரியர் பார்த்து 'செய்தார், செய்யவில்லை' என்று சொல்லக்கூடியதாக ஒவ்வொரு வரியும் இருந்தால் போதும். அப்படி நான்கு வரிகள் கிடைத்தாலே நல்ல திட்டம்.

திட்டத்தின் வடிவத்தைக் காரணமே தீர்மானிக்கிறது. கெடு நெருங்கியதால் கருவியிடம் போன மாணவருக்குத் தேவை இடைக்கெடுக்கள்: ஒரு தேதியில் நூல்பட்டியல், ஒரு தேதியில் சட்டகம், ஒரு தேதியில் முதல் வரைவு. பாடமே புரியாமல் போனவருக்குத் தேவை ஆசிரியருடன் ஒரு மணி நேரம். நம் மாணவியின் காரணம் ஆங்கிலம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எழுத நேரும் மாணவர்களிடம் இது மிகச் சாதாரணம். கருத்து இருக்கும், குறிப்புகள் இருக்கும். வாக்கியத்தைப் பார்த்ததும் கூச்சம் வந்துவிடும். இவருக்குக் கெடுக்களைப் பிரித்துக் கொடுத்தால் ஒவ்வொரு கெடுவிலும் அதே கூச்சம்தான் வரும். ஆகவே அவர் திட்டத்தில் முதலில் வரும் கோரிக்கை வித்தியாசமானது: முதல் வரைவைத் தமிழில் எழுதிக் காட்டிவிட்டு, அதைத் தானே ஆங்கிலப்படுத்த அனுமதி வேண்டும். ஆங்கிலத்தில் பிழை இருந்தால் அதற்கான மார்க்கைக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு வரைவுகளையும் சேர்த்தே தருவார். கருத்து யாருடையது என்பதைத் தமிழ் வரைவு காட்டிவிடும்; அதைவிட முக்கியம், ஆங்கிலத்தோடு மல்லுக்கு நிற்கும் வேலையை அவரே செய்ய வேண்டியிருக்கும்.

அடுத்தது அடிக்குறிப்புகள். புதிய கட்டுரையில் காட்டும் ஒவ்வொரு நூலுக்கும் தலைப்புப் பக்கத்தையும் மேற்கோள் எடுத்த பக்கத்தையும் போனில் படமெடுத்து இணைக்கிறார். பத்து நூல்களுக்கு இருபது படங்கள், நூலகத்தில் ஒரு பிற்பகல் வேலை. அற்பமாகத் தோன்றும் இந்த ஏற்பாடுதான் திட்டத்திலேயே ஏமாற்ற மிகக் கடினமான பகுதி.

மூன்றாவது, எழுதிய வழித்தடம். கூகுள் டாக்ஸில் எழுதினால் எந்த நாளில் எந்த வரி வந்தது, எது அழிந்தது என்ற திருத்த வரலாறு தானாகவே பதிவாகும். கோப்பைப் பேராசிரியருடன் பகிர்ந்துகொண்டு அதிலேயே எழுதுவதாக மாணவி சொல்கிறார். வேறு திரையில் கருவியின் வாசகத்தை வைத்துக்கொண்டு பார்த்துத் தட்டச்சு செய்ய முடியாதா என்றால், முடியும். ஆனால் பார்த்து அடிக்கும் எழுத்து மேலிருந்து கீழாக ஒரே சீராக இறங்கும். யோசித்து எழுதுவது அப்படி இறங்காது: நடுவில் பத்தி இடம் மாறும், எழுதிய வரி போய்விடும், முன்னுரை கடைசியில் வரும், பாதி வாக்கியத்தில் ஒரு மணி நேரம் நின்றிருக்கும். இதையும் முழுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. நோட்டில் கையால் எழுதிவிட்டுப் பிறகு அடிப்பவரின் பதிவும் சீராகத்தான் இருக்கும். அதனால்தான் நான்காவதாக நேர்முகம் ஒன்று வேண்டியிருக்கிறது. பதினைந்து நிமிடம், பேராசிரியர் தேர்ந்தெடுக்கும் இரண்டு பத்திகள், 'இந்த முடிவுக்கு எப்படி வந்தீர்கள், இந்தச் சான்று எங்கே' என்ற கேள்விகள். தமிழில் பதில் சொன்னால் போதும். தானே எழுதியவர் தடுமாறினாலும் எங்கே தேடினோம் என்று சொல்லிவிடுவார்.

இதோடு, இந்தப் பருவம் முழுக்க இந்தப் பாடத்தில் கருவியை எதற்குப் பயன்படுத்துவார் என்பதும் திட்டத்தில் வருகிறது. எழுதி முடித்த ஆங்கில வரைவில் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழை பார்க்க மட்டும். அதுவும் 'பிழையைக் காட்டு, திருத்தாதே' என்று கேட்டு. ஒவ்வொரு கட்டுரையின் கடைசிப் பக்கத்திலும் இரண்டு வரி: எந்தக் கருவி, எந்த வேலைக்கு, எந்தத் தேதியில். பயன்படுத்தாவிட்டால் அதையும் எழுதுவார்.

மார்க் பற்றி ஒரே வாக்கியம் போதும்: துறை முடிவு செய்வதை ஏற்றுக்கொள்கிறேன் என்பது. மறு கட்டுரைக்குப் பாதி மார்க்தான் என்றாலும் பூஜ்யம் என்றாலும், அதைப் பேரம் பேசும் இடம் இந்தக் கடிதம் கிடையாது. தண்டனை மிகையாகத் தோன்றினால் அதற்குத் தனியாக மேல்முறையீடு செய்யலாம். இரண்டையும் ஒரே தாளில் கலந்தால் மன்னிப்பு முன்பணம் ஆகிவிடும். தனக்குத் தானே கடும் தண்டனை எழுதிக்கொள்வதும் வேண்டாம். 'இந்தப் பருவத்தையே இழக்கத் தயார்' என்பது பேராசிரியரிடம் 'அய்யோ, அவ்வளவு வேண்டாம்' என்ற பதிலை வாங்குவதற்கான வரி என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

கடிதத்தை வாங்கும் பேராசிரியருக்கும் வேலை இருக்கிறது. திட்டத்தில் முடியாத வரியை அடித்துவிட்டு, முடிகிற வரிக்குத் தேதி போட்டு, கையெழுத்திட்டு ஒரு பிரதியை மாணவியிடம் தர வேண்டும். அப்படித் தராவிட்டால் திட்டம் மாணவியின் ஒருதலை வாக்குறுதியாகவே கிடக்கும். அடுத்த பருவம் வேறு ஆசிரியர் வந்தால், முடிந்துபோன விஷயம் மறுபடி கிளறப்படவும் கூடும். நம் எடுத்துக்காட்டில் பேராசிரியர் திருத்த வரலாற்றைப் பார்ப்பதை அடித்துவிடுகிறார். நாற்பது மாணவர்களின் தாள்கள் மேசையில் இருக்கும்போது அதற்கு நேரமில்லை; சந்தேகம் வந்தால் மட்டும் கேட்பதாக ஓரத்தில் எழுதுகிறார். தமிழ் வரைவு மூன்று வாரத்தில், ஆங்கில வரைவும் படங்களும் ஐந்தாவது வாரத்தில், நேர்முகம் அதற்கடுத்த திங்கள் பிற்பகல் என்று தேதி விழுகிறது. பருவ முடிவில் மாணவி அரைப் பக்கத்தில் எதைச் செய்தார், எதைத் தவறவிட்டார் என்று எழுதித் தர வேண்டும். அந்த அரைப் பக்கமும் முதல் கடிதத்தோடு சேர்த்துத் தைக்கப்பட்டுத் துறைக் கோப்புக்குப் போகிறது.